அட்டையில் இருக்கும் ‘பங்கு’ நம் வீட்டுத் தட்டில் எவ்வளவு?

“அம்மாவுக்கு 64 வயது, பத்து வருடமாக நீரிழிவு. பலதுறை மருந்தகத்தில் உணவு ஆலோசகர் ஒரு அட்டை தந்தார். ஒரு நாளைக்கு மாவுச்சத்து 8 பங்கு, பழம் 2 பங்கு, பால் 1 பங்கு. கிராமை எண்ண வேண்டாம், பங்கை எண்ணுங்கள் என்றார். அட்டையில் ரொட்டியும் மீயும் ஓட்ஸும்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டு இட்லி, சப்பாத்தி, சோறு எல்லாம் எத்தனை பங்கு? ராத்திரி சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியும் சர்க்கரை இறங்கவில்லை, ஏன்? பழம் வேண்டாம், அந்தப் பங்குக்கும் சேர்த்துச் சோறே சாப்பிடுகிறேன் என்கிறார், அது சரியா?”

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துவிடுவோம், பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தமிழில் நாம் கார்போஹைட்ரேட்டுக்கும் மாவுச்சத்து என்கிறோம், சோறு, ரொட்டி, கிழங்கில் இருக்கும் ஸ்டார்ச்சுக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறோம். அதனால் அட்டையில் மாவுச்சத்து 8 என்று பார்த்ததும், சர்க்கரையை ஏற்றுவது அந்த எட்டு மட்டும்தான், பழமும் பாலும் சத்துக்காகத் தனியே கொடுத்தவை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மூன்று பட்டியலும் கார்போஹைட்ரேட் பட்டியல்தான். சோற்றுப் பட்டியலில் ஒரு பங்கு என்றால் 15 கிராம் கார்போஹைட்ரேட். பழத்தில் ஒரு பங்கும் 15 கிராம். பாலில் ஒரு பங்கு 12 கிராம். உங்கள் அம்மாவின் அட்டையைக் கூட்டினால் 120, 30, 12, மொத்தம் 162 கிராம். ஆலோசகர் அந்த 162-ஐ 11 பங்காகப் பிரித்துக் கையில் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். இனி நான் சோறு, ரொட்டி, கிழங்கு வகையை ‘மாவுப் பொருள்’ என்றே சொல்கிறேன், குழப்பம் வராமல் இருக்கட்டும்.

பங்கு என்பதற்கு ஆங்கிலத்தில் எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். மாற்று என்று பொருள். அமெரிக்காவில் 1950-இல் நீரிழிவுச் சங்கமும் உணவியலாளர் சங்கமும் அரசுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து இந்தப் பட்டியல்களை முதலில் வெளியிட்டார்கள். ஒரே பட்டியலில் இருக்கும் எதை எடுத்துவிட்டு எதை வைத்தாலும் கணக்கு மாறாது என்பதுதான் அதன் உயிர். ஒரு துண்டு ரொட்டியை எடுத்துவிட்டு அரைக் கப் வேகவைத்த உருளைக்கிழங்கை வைக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது, பங்கு என்பது ‘ஒரு தடவை பரிமாறும் அளவு’ இல்லை. ஒரு கிண்ணம் சோறு நமக்கு ஒருவர் சாப்பாடு. பட்டியலில் அது நான்கு பங்கு. மருத்துவமனையில் உணவியலாளராக இருந்த வருடங்களில் நான் அதிகம் திருத்திய தவறு இதுதான். “மத்தியானம் மூணு பங்குதானே சொன்னீங்க, மூணு கரண்டிதான் போட்டுக்கிறேன்” என்பார்கள். கரண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் ஒரு கரண்டியிலேயே இரண்டு பங்கு சோறு நிற்கும்.

சரி, அட்டையில் இல்லாத நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வருவோம். இதற்குப் பெரிய பட்டியல் ஒன்றை நான் எழுதித் தர முடியும், ஆனால் உங்கள் வீட்டு இட்லித் தட்டின் குழியும் அம்மா தேய்க்கும் சப்பாத்தியின் கனமும் எனக்குத் தெரியாது. பட்டியலை விட ஒரு எண் உங்களுக்குக் கூடுதலாக உதவும். சமைக்காத அரிசியோ கோதுமை மாவோ ரவையோ கேழ்வரகோ, 20 கிராம் எடுத்தால் அதில் ஏறத்தாழ 15 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கும். அதாவது 20 கிராம் உலர்ந்த தானியம் ஒரு பங்கு. வெந்த பிறகு தண்ணீர் ஏறி எடை எவ்வளவு ஆனாலும் பங்கு கூடாது, குறையாது. ஆகவே சமைக்கும் முன் ஒரே ஒரு தடவை எடை போடுங்கள். 20-ஆல் வகுங்கள். எத்தனை உருப்படி வந்ததோ அதனால் மறுபடி வகுங்கள். அப்புறம் அந்த மாவுக்கு, அந்தத் தட்டுக்கு, தராசு வேண்டாம்.

இட்லியில் செய்து பார்க்கலாம். அரிசி 800 கிராம், உளுந்து 200 கிராம் போட்டு அரைத்தால் உலர் எடை 1000 கிராம். 20-ஆல் வகுத்தால் 50 பங்கு. அந்த மாவு முழுவதும் 50 இட்லி வந்தால் ஒரு இட்லி ஒரு பங்கு. உங்கள் தட்டு பெரியது, 40 தான் வருகிறது என்றால் ஒன்று ஒன்றேகால் பங்கு. உளுந்தில் அரிசியை விடக் கார்போஹைட்ரேட் கொஞ்சம் குறைவு, ஆனால் இந்தக் கணக்கில் அதைப் பார்க்க வேண்டியதில்லை. அதே மாவில் தோசை ஊற்றினால், ஒரு இட்லிக்கு எடுக்கும் மாவைப் போல் எத்தனை மடங்கு ஊற்றுகிறீர்கள் என்று ஒரு நாள் பாருங்கள். வீட்டுத் தோசை பெரும்பாலும் இரண்டு இட்லி மாவு, இரண்டு பங்கு. முறுகலாக மெல்லியதாக இருப்பதால் தோசை லேசு என்று ஒரு எண்ணம் உண்டு. லேசாக இருப்பது தண்ணீர் வற்றியதால், மாவு குறைந்ததால் இல்லை.

சோற்றுக்கு இன்னும் எளிது. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி பிடிக்கும், அதில் தலைதட்டி எடுத்தால் அரிசி ஏறத்தாழ 150 கிராம் இருக்கும். 20-ஆல் வகுத்தால் ஏழரைப் பங்கு. வீட்டில் இரண்டு கப் வைத்தால் பானையில் 15 பங்கு இருக்கிறது. சோறு வெந்ததும் கரண்டியால் மேலே கீறி ஐந்தாகப் பிரித்தால் ஒரு பாகம் மூன்று பங்கு, அம்மாவின் மத்தியானச் சாப்பாடு அதுதான். முதல் நாள் அதை அவருடைய தட்டில் போட்டு, எவ்வளவு இடத்தை அடைக்கிறது, எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். தட்டு மாறினால் கண் ஏமாறும், அதனால் தட்டை மாற்ற வேண்டாம். கிண்ணத்தில் அளப்பவர்கள் இப்படி நினைவு வைக்கலாம்: இங்கே காப்பிக்கடையில் சோறு வைத்துத் தரும் கிண்ணம் நிரம்ப 200 கிராம் சோறு, நான்கு பங்கு. கால் கிண்ணம் ஒரு பங்கு. கஞ்சிக்கும் இதே கணக்குத்தான். ஒரு கிண்ணம் கெட்டிக் கஞ்சியில் அரிசி 40 கிராம் இருந்தால் இரண்டு பங்கு. ஆனால் குழைந்த அரிசி வேகமாகச் சர்க்கரையாகிவிடும், அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது சப்பாத்தி. உங்கள் கேள்வியின் நடுப்பகுதி இதுதான், நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிங்கப்பூரில் நம் வீடுகளில் ராத்திரிச் சப்பாத்தி ஒரு மருந்து போலவே ஆகிவிட்டது. டாக்டர் சோறு குறைக்கச் சொன்னார், ஆகவே சப்பாத்தி. எத்தனை சப்பாத்தி என்று யாரும் கேட்பதில்லை.

உட்லண்ட்ஸில் இருந்து ஒரு ஐயா வருவார், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி கணக்கில் கெட்டிக்காரர், நோட்டுப் புத்தகம் கொண்டுவருவார். சோற்றை நிறுத்திய பிறகுதான் ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துச் சர்க்கரை 13-க்கு மேலே போனது, முன்பு 11 அளவில் இருந்தது என்று காட்டினார். அவருக்கே அது நம்ப முடியவில்லை. மாவு எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். 400 கிராம், 12 சப்பாத்தி வரும் என்றார். 400-ஐ 20-ஆல் வகுத்தால் 20 பங்கு. அதை 12 சப்பாத்திக்குப் பிரித்தால் ஒன்று ஒன்றரைக்கும் மேலே. ஐயா சாப்பிடுவது மூன்று, ஐந்து பங்கு அங்கேயே வந்துவிட்டது. சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசாலா, சோற்றுக்கு இருந்த கீரை போய்விட்டது. அரைக் கப் கிழங்கு இன்னொரு பங்கு. சாப்பிட்டு முடித்துக் கீழே காப்பிக்கடைக்குப் போய்க் கெட்டிப்பால் போட்ட தே ஒன்று, அதில் ஒரு பங்குக்கு மேலே. மொத்தம் ஏழைத் தாண்டியது. முன்பு அவர் சாப்பிட்ட ஒரு கிண்ணம் சோறு நான்கு பங்கு, தொட்டுக்கொள்ளக் கீரையும் மீனும்.

நாங்கள் சப்பாத்தியை நிறுத்தவில்லை. அதே 400 கிராம் மாவை 20 உருண்டையாக உருட்டச் சொன்னேன். ஒரு உருண்டையில் 20 கிராம் மாவு, ஒரு சப்பாத்தி ஒரு பங்கு. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லியதாக வரும். மூன்று சாப்பிட்டால் மூன்று பங்கு, எண்ணிக்கையும் குறையவில்லை, பங்கும் தெளிவாகிவிட்டது. கிழங்கு மசாலாவுக்குப் பதிலாகக் காலிஃபிளவரோ கத்தரிக்காயோ. தே வீட்டில். சில வாரங்களில் அவருடைய இரண்டு மணி நேர எண் 9, 10 என்று வந்தது. உங்கள் அம்மாவுக்கும் இதே காரணமாக இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். இன்று ராத்திரி மாவைத் தராசில் வைத்துப் பாருங்கள், பதில் உடனே தெரிந்துவிடும்.

தானியத்தின் நிறத்தைப் பார்த்தும் இதே தவறு நடக்கிறது. கேழ்வரகுக் களி, தினைச் சோறு, சிவப்பரிசி, முழுக்கோதுமை எல்லாவற்றிலும் நார்ச்சத்து கூடுதல், அது நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் பங்குக் கணக்கில் அவையும் 20 கிராமுக்கு ஒன்றுதான். நல்லது என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் இரண்டு மடங்கு பங்குதான்.

காய்கறி என்று நாம் நினைத்துக்கொண்டு சாப்பிடும் சில பொருள்களும் மாவுப் பொருள் பட்டியலில் இருக்கின்றன. உருளைக்கிழங்கு, சேனை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், சோளம், பச்சைப் பட்டாணி. கிழங்குப் பொரியல் வைத்த அன்று சோற்றில் ஒரு பங்கு குறைய வேண்டும், மரவள்ளி என்றால் அரைக் கப் கூட வேண்டாம், ஒரு கப்பில் மூன்றில் ஒன்றே ஒரு பங்காகிவிடும். வெண்டை, புடலை, கீரை, முட்டைக்கோஸ் போன்றவை அரைக் கப் வெந்ததில் 5 கிராம் அளவே, வழக்கமான அளவில் அவற்றை எண்ண வேண்டியதில்லை. பருப்பு நடுவில் இருக்கிறது. அரைக் கப் கெட்டிப் பருப்போ கடலைச் சுண்டலோ ஒரு பங்கு மாவுப் பொருள், கூடவே ஒரு முட்டை அளவுக்குப் புரதம். சாம்பார் ஒரு கரண்டியில் பருப்பு கொஞ்சம்தான், விட்டுவிடலாம். இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுச் சாப்பிடுபவர் அரைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

பால் பட்டியல் சின்னது, ஆனால் இங்கே அதிகம் ஏமாற்றும் பட்டியல். ஒரு பங்கு 240 மில்லி பால். கொழுப்பு நீக்கிய பாலும் முழுப்பாலும் கலோரியில்தான் வேறு, கார்போஹைட்ரேட் இரண்டிலும் 12 கிராம். லாக்டோஸ் இல்லாத பாலில் சர்க்கரையே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். லாக்டோஸை முன்கூட்டியே குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைத்துத் தருகிறார்கள், அளவு அதேதான். வீட்டுத் தேநீரில் ஒரு தடவைக்கு 60 மில்லி பால் ஊற்றினால் நான்கு தேநீரில் அம்மாவின் ஒரு பங்கு முடிந்துவிடும், அதனால் ராத்திரி ஒரு டம்ளர் பால் தனியே என்றால் பங்கு இரண்டாகிறது. தயிர் என்றால் முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாக ஒரு பங்கு. மோருக்கு எவ்வளவு தயிர் எடுத்தீர்களோ அதை மட்டும் எண்ணுங்கள், மோரின் அளவை வேண்டாம்.

கெட்டிப்பால் பால் பட்டியலில் இல்லவே இல்லை. அதில் பாதிக்கு மேலே சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி, ஏறத்தாழ 20 கிராம், எடுத்தால் 11 கிராம் கார்போஹைட்ரேட் வரும். காப்பிக்கடைத் தேயில் இரண்டு கரண்டி விழுந்தால் ஒன்றரைப் பங்கு, அதில் பாலின் புரதமும் கால்சியமும் கொஞ்சம்தான். வெளியே குடிக்கும்போது அம்மா ‘தே சி கோசோங்’ என்று கேட்கட்டும், சர்க்கரை போடாத ஆவிப்பால் வரும். வெறும் ‘தே சி’ என்றால் சர்க்கரை போட்டுத்தான் தருவார்கள். ‘தே ஓ கோசோங்’ என்றால் பங்கே இல்லை. தேங்காய்ப் பால் பெயரில் மட்டும் பால், அது கொழுப்புப் பட்டியலைச் சேர்ந்தது, அதை அட்டையின் பால் பங்கில் போட வேண்டாம்.

பழத்தில் அளவுதான் எல்லாம். ஒரு பங்கு என்று படம் போட்டிருக்கும் ஆப்பிள் சிறியது, நம் பேரங்காடியில் அடுக்கியிருக்கும் பெரிய ஆப்பிள் ஒன்றரை, இரண்டு கூட வரும். வாழைப்பழத்தில் தோல் நீக்கிய 65 கிராம் ஒரு பங்கு. விரல் நீளத்துச் சின்னப் பழம் ஒன்று சாப்பிட்டால் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், நீளமான பழம் ஒன்று இரண்டு பங்கு. பப்பாளி துண்டு போட்டு ஒரு கப். மாம்பழம் நடுத்தரமானதில் பாதி. டுரியான் காலத்தில் எல்லாரும் கேட்பார்கள்: சதை 55 கிராம் ஒரு பங்கு, பெரிய சுளை ஒன்று அல்லது சிறியது இரண்டு. அதற்கு மேல் கை போனால் அன்றைய இரண்டு பழப் பங்கும் அங்கேயே முடிந்துவிடும். பிழிந்த சாறு அரைக் கப் ஒரு பங்கு, அதுவும் கடித்துத் தின்னும் பழத்தை விட வேகமாக ஏற்றும்.

அம்மாவின் கேள்விக்கு வருவோம். பழத்தின் இரண்டு பங்கை விட்டுவிட்டு அதற்கும் சோறு சாப்பிடலாமா? கணக்கில் இடம் உண்டு. இரண்டும் 15 கிராம்தான். ஒரு நாள், இரண்டு நாள், கல்யாண வீட்டில், பழம் கிடைக்காத பயணத்தில் அப்படிச் செய்யலாம். வழக்கமாக வேண்டாம் என்பேன், இரண்டு காரணம். பழத்தில் வரும் அளவுக்கு வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் வெள்ளைச் சோற்றில் இல்லை. இன்னொன்று, பழப் பங்கு இரண்டும் 11 மணிக்கும் மாலையிலும் தனித்தனியே வரும்படி வைத்திருப்பார்கள். அவற்றைச் சோறாக்கினால் அம்மா அந்தச் சோற்றை 11 மணிக்குச் சாப்பிட மாட்டார், மத்தியானத் தட்டிலேதான் போட்டுக்கொள்வார். அப்போது ஒரு வேளைக்கு மூன்று பங்கு ஐந்தாகிவிடும். நாள் முழுவதற்கும் 11 பங்கு சரியாக இருந்தாலும் மத்தியானம் சர்க்கரை எகிறும். காலைப் பங்கைச் சேமித்து ராத்திரிக்குச் சேர்த்துக்கொள்ள முடியாது என்பதும் அதனால்தான். பாலை விட்டுச் சோறு என்பதற்கு நான் இன்னும் தயங்குவேன், ஒரு பங்கு பாலில் 8 கிராம் புரதம், ஒரு பங்கு சோற்றில் 3 கிராமுக்கும் குறைவு. 64 வயதில் எலும்புக்கும் தசைக்கும் அது தேவை. ஒருவேளை அவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு இருந்து பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் பழத்தையும் பாலையும் பற்றி ஆலோசகர் சொன்னதே முடிவு, நான் சொன்னது இல்லை.

இந்தக் கணக்கை வைத்து ஒரு நாளை அடுக்கினால் இப்படி வரும். காலையில் ஒரு பங்கு அளவுள்ள இட்லி இரண்டு, சாம்பார் ஒரு கரண்டி, தேங்காய்ச் சட்னி கொஞ்சம், சர்க்கரை போடாத வீட்டுத் தேநீர். 11 மணிக்கு ஒரு கப் பப்பாளி. மத்தியானம் முக்கால் கிண்ணம் சோறு, மீன் குழம்பு, இரண்டு காய், ஒன்றாவது கீரை. மாலையில் தேநீர், சின்ன வாழைப்பழம் ஒன்று. ராத்திரி 20 கிராம் மாவுச் சப்பாத்தி மூன்று, காலிஃபிளவர் கூட்டு. தேநீருக்கு எடுத்தது போக மிச்சமிருக்கும் பால் படுக்கும் முன். மாவுப் பொருள் 8, பழம் 2, பால் 1. காலையில் மூன்று இட்லி வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் மத்தியானத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளலாமா என்று ஆலோசகரைக் கேளுங்கள். பலருக்கும் காலையில்தான் உடம்பு சர்க்கரையைத் தாங்காது, அதனால்தான் காலைக்கு இரண்டு போட்டிருப்பார்கள்.

வெளியே சாப்பிடும்போது கணக்கு தளர்ந்துவிடும், அதை ஒப்புக்கொண்டே எண்ண வேண்டும். கடைப் பரோட்டா ஒன்று இரண்டு பங்குக்குக் குறையாது, இரண்டு சாப்பிட்டால் நான்கோ ஐந்தோ. அதில் இருக்கும் எண்ணெயும் நெய்யும் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் சர்க்கரை நல்லபடியாகத் தெரியும், நான்கு மணி நேரம் கழித்து ஏறி நிற்கும். பிரியாணித் தட்டில் சோறு ஒன்றரைக் கிண்ணம் எளிதாக இருக்கும், ஆறு பங்கு. கடைக்காரரிடம் பாதிச் சோறு போதும் என்று முதலிலேயே சொல்வதுதான் வழி, போட்டபின் ஒதுக்கிவைப்பது யாருக்கும் முடிவதில்லை. பொட்டலப் பொருள் என்றால் லேபிளில் கார்போஹைட்ரேட் எத்தனை கிராம் என்று பார்த்து 15-ஆல் வகுங்கள். 100 கிராமுக்கு என்று போட்ட பத்தியைப் பார்க்கிறோமா, ஒரு பரிமாறலுக்கு என்று போட்ட பத்தியைப் பார்க்கிறோமா என்பதில் கவனம். உறவினர் யாராவது லண்டனிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பினால் அதை இந்த அட்டையோடு கலக்காதீர்கள், பிரிட்டனில் 10 கிராமை ஒரு பங்காக வைக்கும் வழக்கம் உண்டு.

பங்கு முறை எங்கே நிற்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 11 கிராமிலிருந்து 20 கிராம் வரை எது வந்தாலும் அதை ஒரு பங்கு என்றே எண்ணுகிறோம். ஒரு உருப்படியில் 5 கிராம் பிழை பெரிதில்லை, ஒரே வேளையில் நான்கு உருப்படியும் ஒரே பக்கம் பிழையானால் 20 கிராம் ஆகிவிடும். மாத்திரையில் இருப்பவருக்கு அது போதும். சாப்பிடும் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு வேளையும் வேக இன்சுலின் அளவை மாற்றிக்கொள்பவருக்கு அது போதாது, அவர்கள் கிராமையே எண்ணக் கற்றுக்கொள்வது நல்லது. இன்னொரு எல்லை, பங்கு அளவைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. கஞ்சியில் இரண்டு பங்கும் கொண்டைக்கடலையில் இரண்டு பங்கும் ஒரே மாதிரி ஏற்றாது. அம்மாவின் உடம்புக்கு எது எப்படி என்பதை மீட்டர்தான் சொல்லும். இரண்டு நாள் காலையில் இரண்டு இட்லி, அடுத்த இரண்டு நாள் அதே நேரத்தில் இரண்டு துண்டு முழுக்கோதுமை ரொட்டி, மற்றதெல்லாம் மாறாமல். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்திப் பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். பங்கு சமமாக இருந்தும் ஒன்று தொடர்ந்து அதிகம் ஏற்றினால் அந்தப் பொருளைக் குறைத்து மற்றதைக் கூட்டுங்கள். இரண்டுமே அதிகம் ஏற்றினால் எண்ணிக்கையில் எங்கோ தவறு, தேநீர்ச் சர்க்கரையிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போட வேண்டாம். அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பங்கைக் குறைப்பதால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிபிசைடோ கிளிக்ளசைடோ இன்சுலினோ இருந்தால் விஷயம் வேறு. இதுவரை ராத்திரி ஏழு பங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த ஏழுக்குத் தகுந்தபடிதான் மருந்து ஏறியிருக்கும். நாளையிலிருந்து திடீரென மூன்று என்றால் நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி எழுந்திருப்பார். ஆகவே மாவை எடை போட்ட அன்றே, சப்பாத்தியைச் சிறிதாக்கும் முன், அந்த எண்ணை மருத்துவரிடமோ தாதியிடமோ சொல்லி மருந்தைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

அப்படி இறங்கிவிட்டால், மீட்டரில் 4-க்குக் கீழே காட்டினால், அங்கேயும் ஒரு பங்குதான் மருந்து, ஆனால் பட்டியலில் உள்ள எதை வேண்டுமானாலும் எடுக்க முடியாது. சர்க்கரை மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து, அல்லது அரைக் கப் பழச்சாறு. பால், ரொட்டி, சாக்லேட் எல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்யும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், இன்னும் 4-க்குக் கீழே என்றால் இன்னொரு தடவை. மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 995-ஐ அழையுங்கள். இந்தச் சர்க்கரையை அன்றைய பதினொன்றில் கழிக்க வேண்டாம், அடுத்த சாப்பாட்டை வழக்கமான பங்கோடு நேரத்துக்குக் கொடுங்கள்.